மப்பு நாளில் எடுத்த அறைப் படத்தில் காலை வெயிலைக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால், கேமராவைத் திறக்கும் நேரத்தில் மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது வாடிக்கை. ஹோம்ஸ்டே நடத்துபவர்களோ, காலை வெயில் விழும் அறையாகப் படம் வேண்டும் என்பார்கள். அந்த வெயிலைப் பின்னர் கணினியில் சேர்க்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகளும் படம் கேட்டு வரும் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓர் அறையை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்தொடர்கிறேன்.

அண்ணா, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் வெயில் வந்துவிடாதா?

வராது. மஞ்சள் பூசிய மப்பு நாள்தான் கிடைக்கும். மேகம் மூடிய நாளில் ஜன்னல் முழுவதும் ஒரு பெரிய, மென்மையான விளக்காக இருக்கிறது. வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி வருவதால் எந்த நிழலுக்கும் தெளிவான விளிம்பு இல்லை. ஜன்னலிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் மெல்லக் குறைகிறது. வெயில் நாளில் இந்த வான ஒளி அப்படியே இருக்க, அதன்மேல் இரண்டு ஒளிகள் கூடுதலாக வருகின்றன. ஒன்று, ஒரே திசையிலிருந்து வரும் நேர்வெயில். மற்றொன்று, அந்த வெயில் தரையில் பட்டுத் தெறித்து அறைக்குள் பரவும் ஒளி.

ஆகவே சாம்பல் படத்தை அழிக்க வேண்டியதில்லை. அதுதான் அடித்தளம். அதன்மேல் இந்த இரண்டு ஒளிகளையும் தனித்தனியாக ஏற்றினால் போதும். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எந்த மென்பொருள் வேண்டும்? ஜேபெக் படம் போதுமா?

நான் கிம்ப் பயன்படுத்துகிறேன். போட்டோஷாப்பிலும் இதே வேலையைச் செய்யலாம். கிம்ப்பில் முதலில் `Image → Precision` சென்று `32 bit floating point`, `Linear light` இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இந்த நிலையில்தான் ஒளியோடு ஒளியைக் கூட்டும் கணக்கு இயற்கையில் நடப்பதுபோல நடக்கும். மற்றபடி `Colors → Exposure`, `Gaussian Blur`, பெர்ஸ்பெக்டிவ் கருவி, லேயர் மாஸ்க் ஆகிய நான்கும் தெரிந்திருந்தால் போதும்.

ஜேபெக் போதாது. வெயில் விழும் இடத்தில் தரையை ஒன்பது மடங்கு வரை ஏற்றப் போகிறோம். அந்த அளவுக்கு ஏற்றினால் ஜேபெக்கில் பட்டை பட்டையாகத் தெறிக்கும். ரா கோப்பாக, குறைந்த ஐஎஸ்ஓவில், ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். எடுக்கும்போது அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். குழல்விளக்கு போட்டு எடுத்த படத்தில் அதற்கென்று ஒரு நிழல் விழுந்திருக்கும். அதைப் பின்னால் எடுக்கவே முடியாது.

சூரியன் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிழக்கு ஜன்னல் என்றால் நேராகத்தானே வெயில் வரும்?

மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். பொங்கல் வாரத்தில் அது தென்கிழக்கில் இருக்கும். ஜூனில் வடகிழக்குக்குப் போய்விடும். ஆகவே எந்த மாதம், எத்தனை மணி என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். உதாரண அறைக்குப் பொங்கலை ஒட்டிய வாரத்தில் காலை 9 மணி என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏற்காட்டில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும். நேர் கிழக்கிலிருந்து தெற்கே சுமார் 33 பாகை விலகியிருக்கும்.

ஜன்னல் உண்மையில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கைபேசியின் திசைகாட்டியில் பாருங்கள். ஆனால் ஜன்னல் கம்பியை ஒட்டி நிற்காதீர்கள். இரும்பு முள்ளை இழுத்துவிடும். அறையின் நடுவில் நின்று, சுவருக்கு நேராகக் கைபேசியைப் பிடித்துப் பாருங்கள்.

நான் தொடக்கத்தில் இதைப் பார்க்காமல் ஒரு படம் செய்து கொடுத்தேன். வெயில் அழகாகத்தான் விழுந்திருந்தது. அந்த வீட்டம்மா பார்த்த உடனே, "தம்பி, எங்கள் வீட்டில் அந்த மூலைக்கு ஒரு நாளும் வெயில் வந்ததில்லையே" என்றார். தினமும் அந்த அறையைப் பெருக்குகிறவருக்கு வெயிலின் வழி மனப்பாடம். படத்தை மறுபடி செய்தேன். அன்றிலிருந்து திசையைக் குறிக்காமல் கேமராவையே எடுப்பதில்லை.

சரி, திசை தெரிந்துவிட்டது. தரையில் வெயில் எங்கே விழும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டே எண்கள் போதும். மேலே சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், கிழக்குச் சுவரில் உள்ள ஒரு புள்ளி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தால், அதைத் தொட்டு வரும் வெயில் சுவரிலிருந்து 1.45 அடி உள்ளே விழும். கூடவே வடக்குப் பக்கமாக 0.95 அடி நகரும். அறைக்குள் நின்று ஜன்னலைப் பார்க்கும்போது வடக்கு இடப்பக்கம். ஆக, ஓர் அடி உயரத்துக்கு 1.45 உள்ளே, 0.95 இடப்பக்கம்.

நம் உதாரண அறையில் ஜன்னலின் கீழ்விளிம்பு இரண்டரை அடி உயரத்திலும் மேல்விளிம்பு ஏழு அடி உயரத்திலும் இருக்கின்றன. கீழ்விளிம்பின் நிழல் 3.6 அடி உள்ளே, 2.4 அடி இடப்பக்கம் விழும். மேல்விளிம்பின் நிழல் 10.2 அடி உள்ளே, 6.6 அடி இடப்பக்கம். இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வெயில் கட்டம். அது ஜன்னலைப் போல நேர்ச்சதுரமாக இருக்காது. இடப்பக்கம் சாய்ந்த இணைகரமாக இருக்கும். இரண்டு அடி டைல்ஸ் பதித்த தரை என்றால் படத்திலேயே எண்ணிவிடலாம்: முன்விளிம்பு இரண்டாவது டைல்ஸ் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால். டைல்ஸ் கோடுகளே படத்தின் பெர்ஸ்பெக்டிவையும் காட்டிக்கொடுக்கும். ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைந்து, பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அதன் நான்கு மூலைகளையும் கணக்கிட்ட இடங்களுக்கு இழுத்துவிடுங்கள்.

கணக்கு வேண்டாம் என்றால் இன்னொரு வழி. வெயில் அடிக்கும் ஒரு நாளில், நீங்கள் விரும்பும் நேரத்தில், தரையில் வெயில் படும் இடத்தில் ஓரடி ஸ்கேலை டைல்ஸ் கோட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நிழலின் நுனி உள்ளே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று அளந்தால் அதே இரண்டு எண்கள் கிடைத்துவிடும். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும். அந்த வீட்டின் சூரியனே சாட்சி சொல்கிறது.

எங்கள் ஜன்னலுக்குச் சன்ஷேடு இருக்கிறது. அதற்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன 10.2 அடி என்பது கனமே இல்லாத சுவருக்கு. சன்ஷேடு ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டியே அமைந்திருந்தால், அது நீட்டிக்கொண்டிருக்கும் அளவையும் சுவரின் கனத்தையும் அந்த எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள். சன்ஷேடு ஒன்றரை அடி, சுவர் ஒன்பது அங்குலம் என்றால் மொத்தம் இரண்டேகால் அடி. வெயில் கட்டத்தின் பின்விளிம்பு 7.9 அடியோடு நின்றுவிடும். நான்காவது டைல்ஸ் முடிவு. பக்கக் கோடுகளின் சாய்வு மாறாது.

சுவர்க் கனம் அகலத்தையும் குறைக்கும். வெயில் வலப்பக்கத்திலிருந்து வருவதால் வலப்பக்கச் சுவரின் வெளி மூலை அரை அடி அளவுக்கு அதை மறைத்துவிடும்; நான்கு அடி ஜன்னலிலிருந்து மூன்றரை அடி அகலக் கட்டமே கிடைக்கும். அதே நேரம் ஜன்னலின் இடப்பக்கச் சுவர்க் கனத்தின்மேல் வெயில் நேராக விழும். அந்த ஒன்பது அங்குலப் பட்டையைப் பிரகாசமாக்க மறக்காதீர்கள். தரையில் வெயிலும் ஜன்னல் ஓரத்தில் மப்புமாக இருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

கட்டத்தை மூன்று ஸ்டாப் ஏற்றினேன். ஜன்னல் பக்கம் வெளுத்துவிட்டது, உள்பக்கம் இன்னும் மங்கலாக இருக்கிறது. ஏன்?

ஒரே அளவில் ஏற்றியதுதான் காரணம். நேர்வெயில் கட்டம் முழுவதும் ஒரே அளவில்தான் விழுகிறது. ஆனால் உங்கள் அடித்தளமான சாம்பல் படத்தில் ஜன்னல் பக்கத் தரை ஏற்கெனவே அதிக வெளிச்சமாகவும் உட்பக்கத் தரை குறைவாகவும் இருக்கிறது. எல்லா இடத்தையும் ஒரே மடங்கில் பெருக்கினால் அந்த வித்தியாசமும் சேர்ந்து பெருகும்.

எண்ணில் பாருங்கள். கட்டத்தின் முன்விளிம்பில் வான ஒளி 2 பங்கு, பின்விளிம்பில் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வெயில் இரண்டு இடத்திலும் 8 பங்கு சேர்க்கிறது. முன்னால் மொத்தம் 10, அதாவது ஐந்து மடங்கு. பின்னால் மொத்தம் 9, அதாவது ஒன்பது மடங்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் முன்னால் 2.3, பின்னால் 3.2. ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வித்தியாசத்தில் ஏற்றினால்தான் கட்டம் ஒரே சீராகத் தெரியும்.

செய்முறை இதுதான். முதலில் அடித்தளத்தை ஒரு ஸ்டாப் இறக்குங்கள். இல்லையென்றால் வெயில் ஏறுவதற்கு இடமிருக்காது. அந்த லேயரை நகலெடுத்து `Exposure` 3.2 கொடுங்கள். அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, வெயில் கட்டத்தை மட்டும் வெள்ளையாக்குங்கள். பிறகு மாஸ்க்கில் ஜன்னல் பக்கத்தைப் படிப்படியாக மங்கச் செய்யுங்கள். சரியா என்று பார்க்க, `Color Picker` கருவியால் முன்விளிம்பில் உள்ள ஒரு டைல்ஸையும் பின்விளிம்பில் உள்ள ஒரு டைல்ஸையும் தொட்டுப் பாருங்கள். ஒரே நிற டைல்ஸ் என்பதால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

உண்மையான அறையில் வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் இதைவிட அதிகம். ஆனால் அப்படியே செய்தால் கட்டம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். மூன்று ஸ்டாப் அளவில் நிறுத்தினால் டைல்ஸின் கோடும் தெரியும், வெயிலின் கடுமையும் தெரியும்.

வெயில் சரியாக விழுந்துவிட்டது, ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. என்ன விட்டுவிட்டேன்?

தெறிப்பு ஒளியை விட்டுவிட்டீர்கள். என்னிடம் வரும் பத்துப் படங்களில் எட்டில் இதுதான் குறை. தரையில் விழுந்த வெயில் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அந்தக் கட்டமே தரையில் வைத்த ஒரு விளக்காகிவிடுகிறது. மப்பு நாளில் அறைக்கு ஒளி பக்கவாட்டிலிருந்து மட்டும் வந்தது. இப்போது கீழிருந்தும் வருகிறது. அதனால் கட்டத்துக்கு நேர் மேலே சீலிங் வெளுக்கும். மேசைப் பலகையின் அடிப்பக்கம், நாற்காலி இருக்கையின் அடிப்பக்கம், கட்டிலின் கீழ் இருட்டு எல்லாம் இளகும். ஜன்னல் சுவரின் உட்பக்கம், மப்பு நாளில் அறையிலேயே மிக இருட்டாக இருந்த அந்த இடமும் ஒளி பெறும்.

இதற்கு இன்னொரு லேயர் வையுங்கள். முக்கால் ஸ்டாப் ஏற்றி, மிகப் பெரிய மென்மையான தூரிகையால் சீலிங்கில் கட்டத்துக்கு மேலிருந்து தொடங்கி எல்லாப் பக்கமும் மங்கிக்கொண்டே போகும்படி மாஸ்க்கில் வரையுங்கள். தரைக்கு அருகில் உள்ள பொருள்களின் கீழ்ப்பக்கத்தில் சற்று அழுத்தமாக வரையலாம். அடித்தளத்தை ஒரு ஸ்டாப் இறக்கினோம் அல்லவா, அந்த இழப்பில் பெரும்பகுதியை இந்த லேயர்தான் திருப்பிக் கொடுக்கிறது.

தெறிப்பு ஒளிக்குத் தரையின் நிறம் உண்டு. இளமஞ்சள் டைல்ஸ் என்றால் லேசான வெதுவெதுப்பு. ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் உள்ள சிவப்பு ஆக்சைடு தரை என்றால் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதியில் மெல்லிய செம்மை ஏறும். அந்தச் செம்மையைப் போட்டு முடித்த கணத்தில் படம் உயிர்பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

நிறத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்? காலை வெயில் என்றால் ஆரஞ்சுதானே?

உதித்த அரை மணி நேரத்துக்குத்தான் ஆரஞ்சு. 30 பாகை உயரத்துக்கு வந்த சூரியன் சுமார் 5000 கெல்வின், இளமஞ்சள் வெள்ளை. மேகம் மூடிய வானம் 6500 முதல் 7500 வரை. தெளிந்த நீல வானத்தின் ஒளி இன்னும் நீலம்.

எனவே முழுப் படத்தையும் மஞ்சளாக்காதீர்கள். வெயில் லேயரை மட்டும் வெதுவெதுப்பாக்குங்கள். வெயில் படாத, தெறிப்பும் எட்டாத இடங்களைத் துளி நீலத்தில் விடுங்கள். வெயிலைச் சூடாகக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் அந்தக் குளிர்ந்த நிழல்தான்.

விளிம்புகள் கூர்மையாக இருக்க வேண்டுமா, மங்கலாகவா? ஜன்னல் கம்பியின் நிழலை எப்படிப் போடுவது?

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் சுமார் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் விளிம்பு தூரத்தைப் பொறுத்து மங்கும். மங்கலின் அகலம் ஏறக்குறைய தூரத்தில் நூற்றெட்டில் ஒரு பங்கு. ஒளி 30 பாகையில் சாய்ந்து விழுவதால் தரையில் அது இரட்டிப்பாகும். உதாரண அறையில் கீழ்விளிம்பின் நிழல் ஐந்தடி பயணம் செய்து விழுகிறது. மங்கல் ஓர் அங்குலம். சன்ஷேடின் விளிம்பு பதினான்கு அடி பயணம் செய்கிறது. மங்கல் மூன்று அங்குலம். ஆக, கட்டம் முழுவதற்கும் ஒரே `Gaussian Blur` போடாதீர்கள். ஜன்னல் பக்கம் கொஞ்சம், உள்பக்கம் மூன்று மடங்கு.

கம்பிகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 12 மில்லிமீட்டர் கம்பியின் முழுக்கறுப்பு நிழல் நான்கடித் தூரத்தைச் சற்றுத் தாண்டியதும் மறைந்துவிடும். கீழ்க் கம்பிகளின் நிழல் தரையில் ஓரளவு அழுத்தமாகவும் மேலே உள்ள கம்பிகளின் நிழல் அகன்ற, வெளிறிய கோடாகவும் விழும். பின்விளிம்பருகே அந்தக் கோடு வெயிலில் ஏறக்குறைய பாதியைத்தான் மறைக்கும். உள்ளே எட்டடி தூரத்தில் கறுத்த கூர்மையான கம்பி நிழல் தெரிந்தால், அது கணினியில் வரைந்தது என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

வெயில் கட்டம் கட்டிலின் மேலும் விழுகிறது. தரையில் வரைந்த கோட்டை அப்படியே மெத்தை மேல் நீட்டினேன். சரியாக வரவில்லை.

மெத்தை வேறு உயரத்தில் இருக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு. எண்கள் அதே 1.45, 0.95தான். மெத்தை இரண்டடி உயரம் என்றால், ஜன்னல் விளிம்புகளின் உயரத்திலிருந்து இரண்டைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். கீழ்விளிம்பு அரை அடிதான் மேலே இருக்கிறது. அதன் நிழல் 0.7 அடியில் விழும். மேல்விளிம்பு ஐந்தடி, சன்ஷேடும் சுவரும் கழித்து 5 அடியில் நிற்கும். தரையில் இவை 3.6, 7.9 ஆக இருந்தன. அதாவது மெத்தை மேல் உள்ள வெயில் 2.9 அடி ஜன்னலை நோக்கித் தள்ளியிருக்கிறது. கட்டிலின் ஓரத்தில் கோடு உடைந்து, பக்கப் பலகையில் சாய்ந்து இறங்கி, தரையில் வேறொரு இடத்தில் தொடரும்.

இந்த உடைப்பைச் சரியாகச் செய்தாலே படம் பாதி நம்பத்தக்கதாகிவிடும். வெயிலில் நிற்கும் நாற்காலியின் நிழலுக்கும் இதே எண்கள். ஒன்றரை அடி உயர இருக்கையின் நிழல் 2.2 அடி உள்ளே, 1.4 அடி இடப்பக்கம் விழ வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளையாக மூடுபனி இருக்கிறது. நீல வானமும் பச்சை மலையும் வைத்துவிடலாமா?

கிழக்கு ஜன்னல் வழியாகக் காலையில் பார்ப்பது சூரியன் இருக்கும் பக்கத்தை. வெளியே உள்ள மரங்களின் நிழல் பக்கம்தான் நமக்குத் தெரியும். அடிமரங்கள் கறுத்தும், இலைகள் ஒளி ஊடுருவி இளம்பச்சையாகவும், சூரியனை ஒட்டிய வானம் வெளுத்தும் இருக்கும். மாலையில் எடுத்த, முகத்தில் வெயில் பட்ட மலைப் படத்தை அங்கே வைத்தால் அறைக்குள் ஒரு சூரியனும் வெளியே இன்னொரு சூரியனும் இருப்பதாக ஆகிவிடும்.

என் வழக்கம், வெளியே கிட்டத்தட்ட வெள்ளையாகவே விட்டுவிட்டு, மரங்களின் மங்கலான உருவத்தை மட்டும் வைப்பது. கண்ணும் கேமராவும் அந்த நேரத்தில் அப்படித்தான் பார்க்கின்றன.

டைல்ஸ் தரையில் ஏற்கெனவே ஜன்னலின் பளபளப்பு விழுந்திருக்கிறது. வெயிலை ஏற்றினால் தண்ணீர் கொட்டியது போல ஆகிவிடுகிறது.

அந்தப் பளபளப்பு தரையின் நிறமல்ல, ஜன்னலின் பிம்பம். தரையில் வெயில் விழுந்தாலும் அது ஒன்பது மடங்காகாது. ஆனால் `Exposure` கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், சேர்த்தே பெருக்கிவிடுகிறது.

இதற்கு நல்ல மருந்து படம் எடுக்கும்போதே இருக்கிறது. போலரைசர் வடிகட்டி போட்டு, திருப்பிப் பார்த்து, பளபளப்பு மிகக் குறையும் நிலையில் ஒரு படம். போடாமல் ஒரு படம். வெயில் லேயரை முதல் படத்திலிருந்து செய்யுங்கள். படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், பளபளப்பில்லாத பக்கத்து டைல்ஸை நகலெடுத்து அங்கே பதித்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். வேலை அதிகம், ஆனால் வேறு வழியில்லை.

ஜன்னலிலிருந்து ஒளிக்கற்றை நீண்டு வருவது போலச் செய்யலாமா?

சாம்பிராணிப் புகையோ தூசியோ இருந்தால்தான் கற்றை கண்ணுக்குத் தெரியும். பெருக்கித் துடைத்து விருந்தினருக்காகத் தயாராக வைத்த அறையில் தெரியாது. நான் செய்வதில்லை.

எங்கள் வீட்டைச் சுற்றிக் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களைத் தாண்டித்தான் வெயில் வரும். இலை நிழலை எப்படிப் போடுவது?

இலை வடிவம் விழாது. தொலைவில் உள்ள மரத்தின் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்கிறது. தரையில் விழுவது சூரியனின் உருவம். மரம் நாற்பதடி தள்ளி இருந்தால் ஒவ்வொரு வட்டமும் நான்கரை அங்குலம் அளவில் இருக்கும். சாய்ந்த ஒளியால் தரையில் அது ஒன்பது அங்குல நீள்வட்டமாக நீளும். நீளம் வெயிலின் திசையில் இருக்க வேண்டும், அதாவது கட்டத்தின் பக்கக் கோடுகளுக்கு இணையாக. சில வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில தனித்து, இடையில் நிழல். கட்டம் முழுவதையும் நிரப்பாமல் பாதியை மட்டும் இப்படிச் செய்தால் தோட்டத்து வீடு என்பது சொல்லாமலே விளங்கும்.

மூலை அறை. கிழக்கில் ஒரு ஜன்னல், தெற்கில் ஒரு ஜன்னல். இரண்டுக்கும் ஒரே கட்டத்தை வைக்கலாமா?

கூடாது. ஆனால் புதுக் கணக்கும் வேண்டாம். எண்கள் இடம் மாறிக்கொள்ளும். தெற்கு ஜன்னலில் ஓர் அடி உயரத்துக்கு 0.95 அடி உள்ளே, 1.45 அடி மேற்குப் பக்கமாக நகரும். கட்டம் சுவரை ஒட்டி, நன்றாகச் சாய்ந்து படுத்திருக்கும். தரைப்படத்தில் இரண்டு ஜன்னல்களின் பக்கக் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு.

வடக்கு ஜன்னலும் இருந்தால், பொங்கல் வாரத்தில் அதற்கு வெயில் கிடையாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை ஏற்காட்டில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் நுழையும்.

என் அறையின் ஜன்னல் மேற்கே பார்க்கிறது. இருந்தாலும் காலை வெயில் போட்டுத் தாருங்கள் சார், யாருக்குத் தெரியப் போகிறது?

படத்தைப் பார்த்துப் பணம் கட்டி வந்து, காலையில் எழுந்து திரையை விலக்குகிறவருக்குத் தெரியும். அதை நான் செய்ய மாட்டேன். வெயில் எப்போதாவது அந்த ஜன்னலில் உண்மையாக வருகிறதென்றால், அந்த நேரத்து வெயிலைத் தாராளமாகப் போட்டுத் தருகிறேன்.

மேற்கு ஜன்னலுக்கு அந்த நேரம் பிற்பகல். பொங்கல் வாரத்தில் ஏற்காட்டில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.26க்கு. காலை 9 மணிக்கு இருந்த அதே 30 பாகை உயரத்துக்கு அது மாலை 3.50 வாக்கில் மறுபடி இறங்கி வரும், தென்மேற்கில். ஆகவே அதே 1.45, 0.95 எண்களை அப்படியே பயன்படுத்தலாம். அறைக்குள் நின்று ஜன்னலைப் பார்க்கும்போது கட்டம் இடப்பக்கத்துக்குப் பதிலாக வலப்பக்கம் சாயும், அவ்வளவுதான். படத்தின் கீழே 'பிற்பகல் நான்கு மணி' என்று எழுதிக் கொடுக்கிறேன்.